சுக்கிரன் நீசம், ஆனா வர்க்கோத்தமம்ங்கிறாங்க: எதை எடுத்துக்கிறது?

மேலூர்_அக்கா

வணக்கம். தம்பிக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கோம். 1997 ஆவணியில பிறந்தவன், ராத்திரி பதினொன்றரை மணி, ரிஷப லக்னம். சுக்கிரன் கன்னியில இருக்கு. நவாம்சத்திலயும் கன்னியிலதான்.

சிம்மக்கல்லுல ஒரு ஜோசியர்கிட்ட காட்டினோம். பார்த்த உடனே, "சுக்கிரன் வர்க்கோத்தமம், ஆட்சிக்குச் சமம், தாராளமா செய்யலாம்"னு சொல்லிட்டாரு. அதே ஜாதகத்தை பொண்ணு வீட்டுக்காரங்க திருமங்கலத்துல ஒருத்தர்கிட்ட கொண்டு போனாங்க. அவரு, "ராசியிலயும் நீசம், நவாம்சத்திலயும் நீசம், களத்திரகாரகன் ரெண்டு தடவை கெட்டுப் போச்சு"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அதோட அவங்க பேச்சை நிறுத்திட்டாங்க.

ஒரே கட்டம், ஒரே கிரகம். ஒருத்தர் ஆட்சிங்கிறாரு, இன்னொருத்தர் கெட்டதுங்கிறாரு. வர்க்கோத்தமத்தைப் பலம்னு எதுக்குச் சொல்றாங்க? அது நீசத்தை மாத்துமா மாத்தாதா? தெரிஞ்சவங்க விளக்கமா எழுதுங்க.

---

சோழவந்தான்_ராசு

அக்கா, கவலையே படாதீங்க. சிம்மக்கல் ஜோசியர் சொன்னதுதான் சரி. ராசியிலயும் அம்சத்திலயும் ஒரே வீட்டுல இருந்தா அந்தக் கிரகம் ஆட்சிக்கு மேல, உச்சத்துக்குப் பக்கத்துல. நீசம் அதுல அடிபட்டுப் போயிடும். எங்க வீட்டுல மூணு தலைமுறையா இப்படித்தான் பார்க்கிறோம்.

கண்டுபிடிக்கிறதும் சுலபம். எந்த ராசியா இருந்தாலும் முதல் மூணு பாகை இருபது கலைக்குள்ள கிரகம் இருந்தா வர்க்கோத்தமம்.

---

வைகைக்கரை

ராசு தம்பி, மூணு பாகை இருபது கலைங்கிற அளவு சரிதான். ஆனா எல்லா ராசிக்கும் முதல் பங்கு கிடையாது. மேஷம், கடகம், துலாம், மகரம் இந்த நாலு சர ராசிக்குத்தான் முதல் பங்கு. ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பத்துக்கு நடுப்பங்கு, அதாவது 13 பாகை 20 கலையில இருந்து 16 பாகை 40 கலை வரைக்கும். மிதுனம், கன்னி, தனுசு, மீனத்துக்குக் கடைசிப் பங்கு, 26 பாகை 40 கலைக்கு மேல. வராகமிகிரர் பிருஹத் ஜாதகம் முதல் அத்தியாயத்திலயே இதைச் சொல்லிட்டாரு: சரத்துக்கு முதல், ஸ்திரத்துக்கு நடு, உபயத்துக்குக் கடைசி.

பாகையெல்லாம் வேண்டாம், நட்சத்திர பாதமா சொல்லுங்கன்னா, எங்க தாத்தா எனக்கு மனப்பாடம் பண்ண வச்சதைச் சொல்றேன். அசுவினி 1, ரோகிணி 2, புனர்பூசம் 3, 4, பூரம் 1, சித்திரை 2, 3, அனுஷம் 4, உத்திராடம் 1, 2, சதயம் 3, ரேவதி 4. பன்னிரண்டு பாதம், அவ்வளவுதான். இதுல எந்தக் கிரகம் நின்னாலும் வர்க்கோத்தமம்.

அக்கா தம்பிக்குச் சுக்கிரன் கன்னியில வர்க்கோத்தமம்னா சித்திரை 2-ஆம் பாதத்துல இருக்கணும். இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சுக்கிரனோட பரம நீசம் கன்னி 27 பாகை. அது இதே பாதத்துக்குள்ள வருது. பரம உச்சம் மீனம் 27 பாகை, ரேவதி 4. அதுவும் வர்க்கோத்தமப் பாதம்தான். சுக்கிரன் மேல ஏறி நிக்கிற உச்சியும் வர்க்கோத்தமம், கீழ இறங்கி நிக்கிற அடியும் வர்க்கோத்தமம். வர்க்கோத்தமம்னாலே நல்லதுன்னா இந்த ரெண்டும் ஒரே பலன் தரணும். தருமா?

---

சோழவந்தான்_ராசு

ஐயா, பங்கு விஷயத்துல நான் சொன்னது தப்புதான். ஒத்துக்கிறேன். ஆனா "ஆட்சிக்குச் சமம்"னு எல்லாரும் சொல்றாங்களே, அது சும்மா வந்திருக்குமா?

---

வைகைக்கரை

சும்மா வரல. அதுக்கு ஒரு இடம் இருக்கு. பிருஹத் ஜாதகத்துல ஆயுள் கணக்கு அத்தியாயத்துல, உச்சத்துல இருக்கிற கிரகமும் வக்கிரமான கிரகமும் கொடுக்கிற வருஷத்தை மூணு மடங்காக்கணும்னு வரும். வர்க்கோத்தமத்துல இருந்தா, சொந்த ராசியில இருந்தா, சொந்த நவாம்சத்துல, சொந்த திரேக்காணத்துல இருந்தா ரெண்டு மடங்கு. சொந்த வீடும் வர்க்கோத்தமமும் ஒரே வரியில, ஒரே மடங்குல நிக்குது. "ஆட்சிக்குச் சமம்"ங்கிற பேச்சுக்கு நான் பார்த்தவரைக்கும் இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது. ஆனா அது ஆயுள் வருஷம் கணக்கிடுறதுக்குச் சொன்ன விதி. அதைத் தூக்கிட்டு வந்து கல்யாணப் பலனுக்கு அப்படியே வைக்கிறது நாம செய்யிறது.

இன்னொரு இடத்துல ராஜயோகம் சொல்லும்போது, லக்னமோ சந்திரனோ வர்க்கோத்தமத்துல இருந்து, நாலு கிரகத்துக்குக் குறையாம அதைப் பார்க்கணும்னு வச்சிருக்காரு. அங்கயும் வர்க்கோத்தமம் மட்டும் போதும்னு விட்டுடல.

எதுக்குப் பலம்னு அக்கா கேட்டாங்க இல்லையா, அதுக்கு வர்றேன். கன்னி ஒரு ராசிதான். ஆனா அதுக்குள்ள ஒன்பது பங்கு மகரத்துல ஆரம்பிச்சு, கும்பம், மீனம், மேஷம்னு வரிசையா ஓடும். கன்னியில நிக்கிற கிரகத்துக்கு ராசியில வீடு கொடுத்தவன் புதன். முதல் எட்டுப் பங்குல எதுல நின்னாலும் நவாம்சத்துல அது வேற ராசிக்குப் போயிடும். முதல் ரெண்டு பங்குல நின்னா அங்க சனி வீடு கொடுக்கிறான், மூணாவதுல குரு, எட்டாவதுல சூரியன். கடைசிப் பங்குல மட்டும்தான் கன்னி கன்னியாவே இருக்கு. ராசியிலயும் புதன், நவாம்சத்திலயும் புதன். வெளிய ஒரு குணம், உள்ள ஒரு குணம்ங்கிற கலப்பு அங்க கிடையாது. அந்த ராசி கொடுக்கிறதை முழுசா, மாறாம கொடுக்கும். பலம்னு சொல்றது அந்த உறுதியை.

அதனாலதான் நான் வர்க்கோத்தமத்தை "நல்லது"ன்னு மொழிபெயர்க்க மாட்டேன். உச்சன் வர்க்கோத்தமம்னா உச்சம் உறுதியாகுது. நீசன் வர்க்கோத்தமம்னா நீசம் அம்சத்துலயும் தொடருது.

---

உசிலம்பட்டி_மாமா

வைகைக்கரை ஐயா சொல்றதுல கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். முப்பது வருஷமா ஊர்ல ஜாதகம் பார்க்கிறேன். நீச வர்க்கோத்தமம் உள்ளவங்க அந்தக் காரகத்துல ஆரம்பத்துல கஷ்டப்பட்டு, பிறகு நிலைச்சு நிக்கிறதைப் பார்த்திருக்கேன். மகரத்துல உத்திராடம் 2-ல குரு இருக்கிற ஒரு அம்மா. நீசம், அம்சத்துலயும் நீசம். குழந்தை இல்லைன்னு பதினோரு வருஷம் கோயில் கோயிலா அலைஞ்சது. குரு திசையில பிறந்த பையன் இப்ப காலேஜ் படிக்கிறான். நீசம் உறுதியாகுதுன்னா அந்தப் பையன் எப்படி வந்தான்?

நூல் நூலா இருக்கட்டும். நான் பார்த்ததைச் சொல்றேன்.

---

வைகைக்கரை

மாமா, உங்க அனுபவத்தை நான் தட்டிவிடல. ஆனா அந்த அம்மா ஜாதகத்துல மகரத்துக்கு வீடு கொடுத்த சனி எங்க இருந்தான்னு பார்த்தீங்களா? நீசபங்கம் அங்கிருந்து வந்திருந்தா, அந்தப் பையன் சனி கொடுத்த பையன், வர்க்கோத்தமம் கொடுத்த பையன் இல்லை.

---

உசிலம்பட்டி_மாமா

சனி லக்னத்துக்கு ஏழுல.

சரி, இந்த ஜாதகத்துல ஐயா சொல்றதுக்கு இடம் இருக்கு. ஆனா நான் பார்த்த எல்லாத்துக்கும் இதே பதில் சரியா வராது. அதை விட மாட்டேன்.

---

தை_முதல்_தேதி

எனக்கும் ஒரு சந்தேகம். நான் ரோகிணி 2-ஆம் பாதம், ரிஷப ராசி. அப்ப நானும் வர்க்கோத்தம ஜாதகம்தானே? எங்க பையன் ஐப்பசி 2-ஆம் தேதி பிறந்தான். அவன் நட்சத்திரம் பூசம் 3. அவனுக்கு வர்க்கோத்தமம் இல்லைன்னுதானே அர்த்தம்? ஆனா அவனுக்குச் சூரியன் வர்க்கோத்தமம், அரசாங்க வேலை உறுதின்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்திருக்காரு. பூசம் 3 உங்க லிஸ்ட்லயே இல்லையே?

---

கணக்கு_டீச்சர்

அக்கா, வர்க்கோத்தமம் ஆளுக்கு இல்லை, கிரகத்துக்கு. ரோகிணி 2 உங்க சந்திரன் நின்ன இடம், அதனால உங்க சந்திரன் மட்டும் வர்க்கோத்தமம். உங்க பையனுக்குச் சந்திரன் பூசத்துல இருக்கு, அது லிஸ்ட்ல இல்லை. அவன் சூரியன் நின்ன இடம் வேற.

சூரியனுக்குப் பஞ்சாங்கமே தேவையில்லை, நம்ம தமிழ் மாசமே போதும். மாசப் பிறப்புன்னாலே சூரியன் ராசி மாறுறதுதானே. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பாகை நடக்கும். அப்ப சித்திரை, ஆடி, ஐப்பசி, தை மாசம் முதல் மூணு நாள் சொச்சம் பிறந்த எல்லாருக்கும் சூரியன் வர்க்கோத்தமம். வைகாசி, ஆவணி, கார்த்திகை, மாசியில பதினாலாம் தேதியை ஒட்டித் தொடங்கி பதினேழு வரைக்கும். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில கடைசி மூணு நாள் சொச்சம். போகிக்கு முந்தின நாள் பிறந்தாலும் சரி, மாட்டுப்பொங்கல் அன்னிக்குப் பிறந்தாலும் சரி, உத்திராடம் 1-ம் 2-ம் அடுத்தடுத்து வர்றதால ஆறேழு நாள் தொடர்ச்சியா சூரியன் வர்க்கோத்தமம்தான்.

உங்க பையன் ஐப்பசி 2, அதனால சூரியன் துலாத்துல சித்திரை 3. வர்க்கோத்தமம் உண்டு. ஆனா துலாம் சூரியனுக்கு நீச வீடு. இதே கேள்விதான் மேல மேலூர் அக்கா கேட்டிருக்காங்க.

நான் ஜோசியம் பார்க்கிறவ இல்லை, கணக்கு சொல்லிக் கொடுக்கிறவ. அதனால ஒண்ணு சொல்லணும்னு தோணுது. 108 பாதத்துல 12 வர்க்கோத்தமம், அப்ப ஒரு கிரகத்துக்கு ஒன்பதுல ஒரு வாய்ப்பு. ராகு வர்க்கோத்தமம்னா கேதுவும் தானா ஆயிடும், நேர் எதிர்ல இருக்கிறதால அதை ஒண்ணா எண்ணணும். மத்த ஏழு கிரகம், லக்னம் எல்லாம் சேர்த்தா ஒன்பது. ஒண்ணுகூட வர்க்கோத்தமம் இல்லாத ஜாதகம் நூத்துல முப்பத்தஞ்சுதான் வரும். மீதி அறுபத்தஞ்சுல ஏதாவது ஒண்ணு இருக்கும். "உங்களுக்கு ஒரு கிரகம் வர்க்கோத்தமம்"னு யார் சொன்னாலும் மூணுல ரெண்டு பேருக்குப் பொருந்தும். அதை அபூர்வமான யோகம்னு சொல்லிப் பணம் வாங்கினா கேள்வி கேளுங்க.

---

தை_முதல்_தேதி

நல்லா புரிஞ்சது டீச்சர். ரொம்ப நன்றி. எழுதிக் கொடுத்த தாள்ல நீசம்னு ஒரு வார்த்தைகூட இல்லை.

---

வைகைக்கரை

மேலூர் அக்கா, ரெண்டு விவரம் வேணும். சுக்கிரன் எத்தனை பாகை எத்தனை கலைன்னு ஜாதகத்துல போட்டிருக்கா? புதன் எங்க இருக்கு?

---

மேலூர்_அக்கா

புதன் சிம்மத்துல சூரியன் கூட இருக்கு ஐயா.

பாகை அப்பா எழுதி வாங்கி வச்ச நோட்டுல இல்லை. அது கட்டம் மட்டும்தான், மஞ்சள் தடவி பட்டுத்துணியில சுத்தி வச்சது. ரெண்டு ஜோசியருக்கும் அதைத்தான் கொடுத்தோம். போன வருஷம் கம்ப்யூட்டர்ல ஒண்ணு எடுத்தோம், அது பீரோவுல கிடந்தது. இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். அதுல சுக்கிரன் கன்னி 26 பாகை 21 கலைன்னு இருக்கு. நவாம்சக் கட்டத்துல சுக்கிரன் சிம்மத்துல இருக்கு. நோட்டுல கன்னி. எது சரி? எனக்குக் கையெல்லாம் நடுங்குது.

---

வைகைக்கரை

பதறாதீங்க அக்கா. இதுதான் நான் கேட்க நினைச்சது.

26 பாகை 40 கலையில வர்க்கோத்தமப் பங்கு ஆரம்பிக்குது. கம்ப்யூட்டர் கணக்குப்படி உங்க தம்பி சுக்கிரன் 19 கலை முன்னாடியே நிக்குது, சித்திரை 1-ல. அதனால நவாம்சம் சிம்மம். சுக்கிரன் ஒரு நாளைக்கு ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூடவே போகும், அதனால ஆறேழு மணி நேரம் கழிச்சுப் பிறந்திருந்தா கன்னி நவாம்சம் வந்திருக்கும்.

அப்பா நோட்டு வாக்கியத்துல எழுதியிருப்பாங்க, அந்தக் காலத்துல நம்ம பக்கம் பெரும்பாலும் அதுதான். கம்ப்யூட்டர் திருக்கணிதம். ரெண்டுக்கும் கிரக பாகையில வித்தியாசம் வரும். சனிப்பெயர்ச்சியையே பாருங்க. சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதத்துல 2023 ஜனவரி 17, வாக்கியத்துல அதே வருஷம் டிசம்பர் 20. பதினோரு மாசம் இடைவெளி. சனி ஒரு பாதத்தைக் கடக்க சராசரியா நூறு நாள். அப்ப ஒரு பஞ்சாங்கத்துல வர்க்கோத்தமமா இருக்கிற சனி இன்னொண்ணுல மூணு பாதம் தள்ளி நிக்கலாம்.

திருக்கணிதத்துக்குள்ளயும் அயனாம்சம் மாத்தினா மாறும். உங்களுக்கு எடுத்தது லஹிரின்னு வச்சுக்கோங்க. ராமன் அயனாம்சத்துக்கு மாத்தினா எல்லாக் கிரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை கூடும். அப்ப உங்க சுக்கிரன் 27 பாகை 48 கலையை ஒட்டி வரும், சித்திரை 2 ஆயிடும், வர்க்கோத்தமம் திரும்ப வந்துடும்.

பாகை தெரியாம வர்க்கோத்தமத்தை நம்பிப் பலன் சொல்லக் கூடாதுங்கிறது இதுக்குத்தான். பங்கு நடுவுல நின்னா எல்லாக் கணக்கும் பெரும்பாலும் ஒத்து வரும். விளிம்புல நின்னா கட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. லக்னம் வர்க்கோத்தமம்னு சொன்னா இன்னும் கவனம் வேணும். லக்னம் ஒரு பங்கைக் கடக்கிறது சராசரியா பதிமூணு நிமிஷம். ஆஸ்பத்திரியில எழுதின நேரம் அஞ்சு நிமிஷம் தள்ளியிருந்தா போச்சு.

---

சோழவந்தான்_ராசு

அப்ப ரெண்டு ஜோசியரும் சொன்னது நிக்காதா ஐயா?

---

வைகைக்கரை

திருக்கணிதத்தை எடுத்தா நிக்காது தம்பி. ஆட்சிக்குச் சமம்னு சொல்ல வர்க்கோத்தமமே இல்லை. ரெண்டு தடவை நீசம்னு சொல்ல நவாம்சத்துல நீசமே இல்லை, அங்க சூரியன் வீட்டுல இருக்கு. ராசியில நீசம் மட்டும் நிஜம், அது பரம நீசத்துக்கு ரொம்பப் பக்கத்துல.

வாக்கியத்தை எடுத்தா வர்க்கோத்தமம் உண்டு. அப்ப ராசி, அம்சம் ரெண்டுலயும் வீடு கொடுத்தவன் புதன் ஒருத்தன்தான், சுக்கிரனோட கதி முழுக்க அவன் கையில.

எந்தப் பஞ்சாங்கத்தை எடுத்தாலும் அடுத்துப் பார்க்க வேண்டியது புதனைத்தான். ரிஷப லக்னத்துக்குச் சிம்மம் நாலாம் வீடு, கேந்திரம். நீசன் நின்ன வீட்டுக்காரன் லக்ன கேந்திரத்துல இருந்தா நீசபங்கம்னு விதி இருக்கு. அக்கா தேடுற ஆறுதல் அங்க இருக்கு. லக்னாதிபதியும் சுக்கிரனேங்கிறதால இதை விட்டுட்டு மேல போகக் கூடாது.

---

உசிலம்பட்டி_மாமா

புதன் சூரியன் கூடன்னு அக்கா எழுதியிருக்காங்க. அஸ்தங்கதமா இருந்தா? எரிஞ்ச புதன் இன்னொருத்தனுக்குப் பங்கம் கொடுப்பானா? நான் கொடுக்க மாட்டான்னு சொல்லுவேன்.

---

வைகைக்கரை

புதன் சூரியனை விட்டுத் தூரம் போகாதவன், அவனுக்கு அஸ்தங்கதத்தைக் கடுமையா எடுக்க வேண்டாம்னு எங்க தாத்தா வழக்கம். நான் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். ஆனா பாகை பார்க்காம முடிவா சொல்ல மாட்டேன். அக்கா, அந்தத் தாள்ல புதன், சூரியன் ரெண்டோட பாகையும், புதன் பக்கத்துல "வ"ன்னு எழுத்து இருக்கான்னும் பாருங்க. வக்கிரமா இருந்தா எல்லை இன்னும் குறையும்.

---

மேலூர்_அக்கா

"வ" இருக்கு ஐயா. புதனுக்கும் சூரியனுக்கும் நடுவுல ஏழு பாகைக்கு மேல, எட்டுக்குள்ள.

நாளைக்கு அப்பாவோட நோட்டை எடுத்துக்கிட்டு, அதை எழுதினவரோட மகன் வாடிப்பட்டியில இருக்காராம், அவர்கிட்ட போறேன். வாக்கியத்துல சுக்கிரன் பாகை எவ்வளவுன்னு அவரு கணக்குப் போட்டுக் கொடுத்தா இங்க எழுதுறேன்.

---

உசிலம்பட்டி_மாமா

வக்கிரப் புதனுக்கு எல்லை பன்னிரண்டு பாகை. எட்டுக்குள்ள இருக்கிறது அஸ்தங்கதம்தான். வைகைக்கரை ஐயா என்ன சொல்றாருன்னு பார்ப்போம்.

---

வைகைக்கரை

அஸ்தங்கதம்தான் மாமா, அதுல மறுப்பு இல்லை. ஆனா வக்கிரப் புதனுக்குச் சேஷ்டா பலம் உண்டே, அதை எங்க வைப்பீங்க? அக்கா வாடிப்பட்டி போயிட்டு வரட்டும், வாக்கிய பாகை வந்ததும் புதன் நவாம்சத்தையும் சேர்த்து வச்சுப் பேசுவோம்.